அறுபது டாலரா, அறுபது வெள்ளியா? வெளிநாட்டுத் தமிழர்களுக்கு விற்பவர்கள் உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பவானி ஜமுக்காளம்
மூணு வாரம் ஆச்சுங்க, இன்னும் மனசு ஆறல. சிங்கப்பூர்ல இருக்கற ஒரு அம்மா, பொறந்தது அந்தியூர்ப் பக்கம், மக வீட்டுப் பால்காய்ச்சலுக்கு ரெண்டு ஜமுக்காளம் எடுத்தாங்க. எங்க தமிழ்ப் பக்கத்துல $60ன்னு இருந்துச்சு. கார்டுல எண்பது வெள்ளிக்குப் பக்கமாப் போயிருச்சு. ராத்திரி கூப்பிட்டு, "அறுபது வெள்ளின்னு போட்டுத்தானே தம்பி வித்தீங்க? நம்மூர்க்காரங்கன்னு நம்பித்தானே வாங்கினேன்?"னாங்க. நாங்க வெச்சிருந்தது அமெரிக்க டாலர். அவங்க வெள்ளின்னு சொல்ற சிங்கப்பூர் டாலருக்கும் அதே குறிதான். எனக்குப் பேச்சே வரலைங்க.

கோபி மஞ்சள்
டாலரே எதுக்குங்க? எல்லாருக்கும் ரூபாய்ல போடுங்க, மிச்சத்தை அவங்க வங்கி பாத்துக்கும். நாலு வருசமா நாங்க அப்படித்தான். ஒரு தகராறும் வந்ததில்ல.

சென்னிமலை பெட்சீட்
கோபி அண்ணா, சரக்கு திரும்பி வராத வரைக்கும்தான் அது சரி. லண்டன்ல இருந்து ஒருத்தர் அளவு பத்தலைன்னு திருப்பினாரு. 4,500 ரூபாய் வாங்கினோம், அதே 4,500ஐத் திருப்பினோம். அவர் கணக்குல 3 பவுண்டு குறைஞ்சுது. வாங்கின நாள் ரேட் வேற, திருப்பின நாள் ரேட் வேற, நடுவுல அவர் வங்கி பிடிச்ச கட்டணம் வேற. நாங்க எடுத்துக்கிட்டோம்னே கடைசி வரை நினைச்சாரு.

யாழ்ப்பாணத்துக்கு அனுப்பறீங்கன்னா ரூபாயே குழப்பம். "ரூ."ன்னு போட்டா அங்க இலங்கை ரூபாய்னுதான் படிப்பாங்க. நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க மூணு ரூபாய்க்கு மேல குடுக்கணும்.

பொள்ளாச்சி அக்கா
தமிழ்ப் பக்கம்னதும் எங்க கதை ஞாபகம் வந்துச்சு. தமிழ்ப் பக்கம் போட்டு ரெண்டு மாசம் ஆகியும் கூடையில சாமான் சேருது, பணம் மட்டும் வரல. கோலாலம்பூர்ல இருக்கற என் நாத்தனார் படம் பிடிச்சு அனுப்புனப்பத்தான் தெரிஞ்சுது, பணம் கட்டற பொத்தான்ல "வெளியேறு"ன்னு இருந்துருக்கு. செக்அவுட்டை யாரோ அப்படி மொழிபெயர்த்துட்டாங்க. அமுக்கினா கணக்கை விட்டு வெளிய போயிரும்னு அவ பயந்துட்டா. "பணம் செலுத்த"ன்னு மாத்தின வாரமே ஆர்டர் வந்துச்சு. விலையில $க்குப் பதிலா வெள்ளின்னே எழுதிரலாமேன்னும் கேட்டேன். நாத்தனார் வேண்டாம்னுட்டா, மலேசியாவுல ரிங்கிட்டையும் வெள்ளின்னுதான் சொல்லுவாங்களாம்.

திருப்பூர் நிரலாளர்
பவானி அண்ணா, உங்க கடையில மொழியை மாத்தினா பணமும் கூடவே மாறுது இல்லீங்களா? நோய் அங்கதான் இருக்குது. தமிழ் படிக்கறவர் சிங்கப்பூர்லயும் இருப்பாரு, டொராண்டோவுலயும் இருப்பாரு. மொழிக்கு ஒரு தேர்வு, பணத்துக்குத் தனியா ஒரு தேர்வு வைங்க. பார்சல் போற நாட்டை வெச்சுப் பணத்தை முன்கூட்டிக் காட்டலாம், ஆனா மாத்தற உரிமை அவருக்கு இருக்கணும். குறியோட நிக்காம எழுத்தும் வரட்டும்:

```js
new Intl.NumberFormat('ta-SG', {
  style: 'currency', currency: 'SGD',
  currencyDisplay: 'code'
}).format(60)
```

இதுல $க்குப் பதிலா SGD வரும். கூடையில காட்டின பணத்துலயேதான் கார்டுலயும் பிடிக்கணும். முடியலைன்னா, "உங்கள் கார்டில் USD 60 பிடிக்கப்படும்"னு பொத்தானுக்கு மேலேயே எழுதிருங்க. ஆர்டரோட பணத்தின் பேரு, தொகை, அன்னைக்கு ரேட் மூணையும் சேத்து வைங்க. திருப்பும்போது வாங்கின பணத்துலயே, வாங்கின தொகையையே திருப்புங்க.

எனக்கு உறுத்தறது குவைத்து. பனியன் கடை ஒண்ணுக்கு நான்தான் எழுதினேன். பணம் வாங்கற சேவைக்குத் தொகையைச் சின்னக் காசாத்தான் அனுப்பணும், ரூபாய்னா பைசா. எல்லாத்தையும் நூறால பெருக்கி விட்டுட்டேன். தினாருக்கு ஆயிரம் ஃபில்ஸ். 12.500 தினார் சரக்குக்கு 1250 போச்சு, 1.250 தினார்தான் வந்துச்சு. பத்துல ஒரு பங்கு. பதினோரு பார்சல் கிளம்பினதுக்கு அப்புறம் வங்கிக் கணக்கோட ஒப்பிட்டப்பத்தான் பிடிபட்டுது. பஹ்ரைன், ஓமன் பணமும் மூணு தசமம்தான். ஜப்பான் யென்னுக்குத் தசமமே கிடையாது.

கோபி மஞ்சள்
இத்தனை நாட்டு விலையை தினமும் யாருங்க மாத்தறது?

திருப்பூர் நிரலாளர்
ரேட்டைத் தானா எடுத்துக்க வைக்கலாம். ஆனா காலையில 61.37, சாயங்காலம் 61.52ன்னு ஆடும், கூடையில போட்டவர் கோவிச்சுக்குவாரு. நான் மாசம் ஒருக்கா கையால தசமம் இல்லாத முழு எண் விலை போடச் சொல்றேன்.

சென்னிமலை பெட்சீட்
மாசம் ஒருக்கான்னா ரேட் சரிஞ்சா நட்டம் நம்ம தலையில. எங்க லாபம் அதைத் தாங்காது தம்பி. வாரம் ஒருக்கா மாத்தறோம். கூடையில போட்ட விலையை ஒரு நாள் மட்டும் நிறுத்தி வெக்கறோம்.

பவானி ஜமுக்காளம்
நேத்து பாத்தேன், மொழிதான் பணத்தை மாத்திட்டு இருந்துருக்கு. பிரிச்சாச்சு, SGDன்னும் வருது. அந்தம்மாவுக்கு 60 வெள்ளிக்கு மேல போனதைத் திருப்பியாச்சு. ஃபோன்ல சொல்லலாம்னு ரெண்டு தரம் கூப்பிட்டேன், எடுக்கலைங்க.