தலைப்புக்காகக் காலியாக விடும் இடத்திற்கு என்ன சொல்?

தருமபுரி, காட்சித் தொடர்பியல் ஆசிரியை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். எங்கள் கல்லூரியின் செய்முறைக் கையேட்டுத் தமிழ்ப் பதிப்பு வியாழக்கிழமை அச்சுக்குச் செல்கிறது. அதில் ஒரு பயிற்சிக்கு மட்டும் சொல் கிடைக்காமல் நிற்கிறேன். மாணவர்கள் தங்கள் குறும்படத்திற்குச் செயற்கை நுண்ணறிவுக் காணொளிக் கருவியைக் கொண்டு ஒரு தொடக்கக் காட்சி உருவாக்க வேண்டும். தெளிந்த நீரில் ஒரு துளி மை விழுந்து, இழை இழையாக விரிந்து, பின்னர் ஓரங்களுக்கு ஒதுங்கி, நடுவில் படத்தின் பெயருக்கு இடம் கொடுத்து அடங்க வேண்டும். சிலர் மைக்குப் பதிலாகப் புகையை வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த நடு இடத்தைத்தான் வடிவமைப்பாளர்கள் நெகட்டிவ் ஸ்பேஸ் என்கிறார்கள். 'எதிர்மறை வெளி' என்று எழுதினேன். ஏதோ தீய இடம் என்று மாணவர்கள் புரிந்துகொண்டார்கள். 'பெயர்வெளி' என்றால் நிரலாக்கத்தில் அது வேறொன்றுக்கு ஏற்கெனவே வழங்குகிறது. 'ப்ராம்ட்' என்பதற்குத் தூண்டுரை என்று முன்பே முடிவு செய்துவிட்டோம். அதை மீண்டும் கிளற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அரூர், மென்பொருள் மொழிபெயர்ப்பாளர்

'வெற்றிடம்' என்று எழுதிவிடலாம், அம்மா. எல்லோருக்கும் தெரிந்த சொல். சொல்லைவிடத் தூண்டுரையின் வடிவம்தான் முக்கியம் என்பது என் கருத்து. இறுதியில் 'படத்தின் பெயருக்காக நடுவில் இடம் விடவும், எழுத்து எதுவும் வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தால் கருவி அப்படியே செய்துவிடும்.

ஓசூர், படத்தொகுப்பாளர்

முந்தைய மடலில் பாதி சரி. இடம் வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது உண்மை. ஆனால் 'எழுத்து வேண்டாம்' என்று எழுதினால் பல நேரங்களில் எழுத்துதான் வந்து நிற்கும். இந்தக் கருவிகள் படங்களையும் அவற்றின் விவரிப்புகளையும் சேர்த்துக் கற்றவை. இல்லாத ஒன்றை யாரும் விவரிப்பில் எழுதுவதில்லை என்பதால் மறுப்பை அவை சரியாகப் பிடிப்பதில்லை. 'எழுத்து' என்ற சொல் இருப்பதை மட்டும் பிடித்துக்கொள்கின்றன. 'படத்தின் பெயர்' என்று குறிப்பிட்டாலும் இதே விளைவுதான்: தமிழும் இல்லாமல் ஆங்கிலமும் இல்லாமல், எழுத்தைப் போன்ற கிறுக்கல்கள் மையிலிருந்து முளைக்கும். ஆகவே பெயரைப் பற்றித் தூண்டுரையில் மூச்சே விடக் கூடாது. நடுவில் இருக்க வேண்டியதை, இருக்கும் ஒரு பொருளாகவே விவரிக்க வேண்டும். நான் பயன்படுத்தும் வடிவம் இது:

```
Static overhead shot. One drop of black ink falls into
clear water above white paper, blooms into thin tendrils,
then drifts to the left and right edges. The center
becomes plain, still, bright white.
```

வேண்டாதவற்றுக்குத் தனிக் கட்டம் இருக்கும் கருவிகளில் `text, letters, watermark` என்பதை அங்கே மட்டும் இடலாம். எழுத்தைத் தொகுப்பு மென்பொருளில் நாமே உண்மையான எழுத்துருவில் வைக்க வேண்டும்.

'வெற்றிடம்' எனக்கு உடன்பாடில்லை. இயற்பியலில் அது காற்றும் இல்லாத இடம். நமக்கு வேண்டியது தாளின் வெண்மையும் நீரின் ஒளியும் நிறைந்த இடம்.

கிருஷ்ணகிரி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்

சொல் நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியர் 'மன்' என்னும் இடைச்சொல்லுக்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என மூன்று பொருள் சொன்னார். ஒழியிசை என்பது, சொல்லப்படாமல் ஒழிந்த சொல், சொல்லப்பட்டவற்றால் உணரப்படுவது. நடுவில் எதுவும் இல்லை. ஆனால் ஏதோ வரப்போகிறது என்று சுற்றியுள்ள மை உணர்த்துகிறது. இதைவிடப் பொருத்தம் வேறு உண்டா? ஆகவே 'ஒழியிடம்' என்று ஆளலாம். ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதுவதற்குக் கையேடு எதற்கு என்பது என் நெடுநாளைய வருத்தம்.

புகையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழில் பகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் ஹகரம் பெற்றன. பால் அங்கே ஹாலு. பல் அங்கே ஹல்லு. புகை அங்கே ஹொகெ. அந்த ஹொகெதான் நம் ஒகேனக்கலில் இருக்கிறது. புகையும் கல் என்பது பொருள். அருவியிலிருந்து எழுவது நீர்த்திவலைதான், ஆனாலும் மக்கள் அதைப் புகை என்றே கண்டார்கள். எனவே கையேட்டில் புகை என்ற ஒரே சொல் போதும். மூடுபனி, ஆவி என்று பிரிக்க வேண்டியதில்லை.

பென்னாகரம், திருமணக் காணொளி எடுப்பவர்

ஐயா ஒகேனக்கலைச் சொன்னதால் எழுதுகிறேன். மணமக்கள் பெயரைப் புகைக்குள் எப்படிக் கொண்டுவருவது என்றுதானே கேட்கிறீர்கள்? நான் கறுப்புப் பின்னணியில் வெண்புகை எடுத்து, அடுக்கின் கலப்பு முறையை Screen என்று மாற்றுவேன். கறுப்பு மறைந்து புகை மட்டும் பெயரின் மேல் தவழும். வெள்ளைத் தாளில் கறுப்பு மை என்றால் Multiply. ஆனால் கருவியில் 'ஸ்மோக்' என்று கேட்கும்போதெல்லாம் அடுப்பிலிருந்து எழுவது போல் நடுவிலேயே தூணாக எழுகிறது. பெயருக்கு இடமே கிடைப்பதில்லை. இதற்கு என்ன வழி, அண்ணா?

ஓசூர், படத்தொகுப்பாளர்

கேள்வி அதுவல்ல என்றாலும் தம்பி சொன்னது பயனுள்ளது. இந்த இடத்தில் ஐயாவிடமிருந்து மாறுபட வேண்டியிருக்கிறது. ஊர்ப்பெயருக்குப் புகை ஒன்றே போதும், தூண்டுரைக்குப் போதாது. நெருப்பின் புகை சூட்டினால் மேலே எழும். `smoke` என்றால் கருவி பெரும்பாலும் அதையே தரும். மேடையில் உலர்பனியை நீரில் இட்டு எழுப்பும் மூட்டம் குளிர்ந்து கனமாக இருப்பதால் தரையோடு தவழும். நடுப்பகுதி காலியாக வேண்டுமென்றால் `low dry-ice fog, sliding outward along the floor` என்று கேட்பதே நல்லது. இரண்டையும் பிரித்துச் சொல்ல நமக்கு இரு சொற்கள் வேண்டும்: புகை, தாழ்மூட்டம்.

தருமபுரி, ஆசிரியை

இரண்டு மடல்களுக்கும் நன்றி. மாணவர் ஒருவரின் முயற்சியை அப்படியே தருகிறேன். சொல்லைத் தேர்வதற்கு அது உதவும். அவர் இறுதி வரியில் `the ink settles` என்று எழுதினார். எட்டு நொடிக் கிளிப்பில் மை விரிந்த பின் மெல்லத் தாழ்ந்து சட்டகத்தின் அடியில் சேறு போலக் குவிந்தது. படிந்தது என்பதற்கும் அந்தச் சொல்தான், அடங்கியது என்பதற்கும் அந்தச் சொல்தான் என்பதால் கருவியைக் குறை கூற முடியாது. தமிழில் நமக்குப் படிதல், அடங்குதல், தெளிதல் என மூன்று வினைகள் உள்ளன. கலங்கிய நீர் தெளிவது போல் நடுப்பகுதி தெளிய வேண்டும் என்பதே நம் கருத்து. ஆகவே 'தெளிவிடம்' என்று வைக்கலாமா?

இன்னொரு சிக்கல்: ஓரத்திற்கு ஒதுங்கு என்று எழுதியும், மை இறுதி ஃப்ரேம் வரை ஆடிக்கொண்டே இருக்கிறது. பெயர் நிற்கச் சில நொடிகள் வேண்டாமா?

ஓசூர், படத்தொகுப்பாளர்

அசைவு அடங்குவதைச் சொற்களால் மட்டும் பெறுவது கடினம். முதல் ஃப்ரேமும் கடைசி ஃப்ரேமும் படமாகக் கொடுக்கும் வசதியுள்ள கருவியை எடுங்கள். முதலில் படத்தின் பெயரைத் தொகுப்பு மென்பொருளில் வைத்துப் பாருங்கள். தமிழில் 'கி', 'கீ' ஆகியவற்றின் வளைவு மேலே ஏறும். 'மூ', 'நூ' கீழே இறங்கும். ஆங்கிலப் பெருந்தலைப்புக்குப் போதுமான பட்டை நமக்குப் போதாது. மேலும் கீழும் தாராளமாக விட வேண்டும். அந்த அளவுக்கு நடுவில் வெண்மையும் இருபுறமும் மையும் உள்ள ஓர் அசையாப் படத்தைச் செய்து, பெயரை நீக்கிவிட்டு, அதைக் கடைசி ஃப்ரேமாகக் கொடுங்கள்.

இதிலும் ஒரு பிழை வரும். நடுக்காட்சிக்கும் கடைசிப் படத்திற்கும் தொலைவு அதிகமானால், மை நகராமல் நின்ற இடத்திலேயே மங்கி மறைந்து, ஓரத்தில் புதிய மை தோன்றும். ஓர் இழையை மட்டும் கண்ணால் பின்தொடர்ந்தால் இது தெரிந்துவிடும்: அது பயணம் செய்கிறதா, கரைகிறதா? கரைந்தால், கடைசிப் படத்தில் மையை ஓரத்திலிருந்து சற்று உள்ளே இழுத்து வையுங்கள்.

நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் எட்டு நொடிக்கு 192. ஐந்தாம் நொடிக்குள் நடுப்பகுதி தெளிந்துவிட்டால் மூன்று நொடி பெயருக்குக் கிடைக்கும். அதுவும் போதாதபோது கடைசி ஃப்ரேமை உறைய வைத்து, கிளிப் முழுவதற்கும் மெல்லிய பிலிம் மணலை, அதாவது படச்சுருளில் தெரியும் பொடிப்புள்ளிகளை, இட்டால் உறைந்த இடம் தெரியாது. மென்சாயலில் விழும் பட்டைக் கோடுகளும் அதிலேயே மறையும்.

'தெளிவிடம்' நல்ல சொல்தான். ஆனால் கேமரா பிடிப்பவர்களுக்குத் தெளிவு என்றால் ஃபோகஸ். 'நடுவில் தெளிவிடம் வை' என்றால் நடுவைக் கூர்மையாக்கிவிடுவார்கள். தலைப்புக்கு இடம் விடு என்றுதான் எங்கள் தொகுப்பறையில் நாள்தோறும் சொல்கிறோம். அதிலிருந்தே 'விடுவெளி' என்று எடுத்தால் என்ன?

கிருஷ்ணகிரி, தமிழாசிரியர்

விடுவெளி என்பது வினைத்தொகை. விட்ட, விடுகின்ற, விடும் என முக்காலமும் கொள்ளும். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் அது செய்பவரின் செயலை மட்டும் சொல்கிறது. காண்பவர் அந்த வெறுமையில் எதையோ எதிர்பார்க்கிறார் என்பது 'ஒழியிடம்' என்பதில்தான் இருக்கிறது. என் வாக்கு அதற்கே.

அரூர், மொழிபெயர்ப்பாளர்

மாணவர் நாளை வேலைக்குச் செல்லும் இடத்தில் மென்பொருளும் பயிற்சிக் காணொளிகளும் நெகட்டிவ் ஸ்பேஸ் என்றே பேசும். ஒலிபெயர்ப்பையும் அருகில் தராவிட்டால் அவர் தடுமாறுவார். சொல் எதுவானாலும் இதை வலியுறுத்துகிறேன். 'எழுத்து வேண்டாம்' பற்றிச் சோதித்துப் பார்த்தேன்; ஓசூர் நண்பர் சொன்னபடியே கிறுக்கல் வந்தது.

பென்னாகரம், திருமணக் காணொளி எடுப்பவர்

விடுவெளி என்றால் எங்கள் உதவியாளர்களுக்குச் சொன்னவுடன் புரியும். தாழ்மூட்டமும் வேலை செய்தது. ஒன்று மட்டும்: மூட்டம் விலகி மீண்டும் கூடுவதற்காகக் கிளிப்பைத் தலைகீழாக ஓட்டினால், உறிஞ்சப்படுவது போல் தெரிகிறது. மைக்கு அது அவ்வளவாகத் தெரியவில்லை.

தருமபுரி, ஆசிரியை

அச்சகத்திலிருந்து இருமுறை அழைத்துவிட்டார்கள். விடுவெளி என்பதையே பயிற்சியின் தலைப்பில் இடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் நெகட்டிவ் ஸ்பேஸ் என்பதும் உடன் வரும். மைக்குத் தெளிதல், மூட்டத்திற்கு விலகுதல் என்று வினைகளைப் பிரித்துள்ளேன். படிதல் வரவே வராது. ஐயாவின் 'ஒழியிடம்' சொல்லடைவில் மாற்றுச் சொல்லாக இருக்கும்.

கிருஷ்ணகிரி, தமிழாசிரியர்

சொல்லடைவில் இடம் தந்தமைக்கு நன்றி, அம்மா. அடுத்த பதிப்பில் அதைத் தலைப்புக்குக் கொண்டுவரக் கேட்பேன். 'பிலிம் மணல்' என்று ஓசூர் நண்பர் எழுதியதற்கும் வேறு சொல் வேண்டும். தனி மடலாகத் தொடங்குகிறேன்.