‘பிற்செலவு’ என்றால் வீட்டுக்குப் பின்னால் வரும் செலவா? LINEST குணகத்துக்கு ஒரு பெயர் தேடி

சுகந்தி:

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் கணக்கியல் படிப்பவர்களுக்கான தமிழ்க் கைநூலில் எக்செல் அத்தியாயம் ஒன்று எழுதுகிறோம். அடுக்குமாடி வீட்டின் விலையைப் பரப்பளவு, வயது, அறை எண்ணிக்கை மூன்றையும் வைத்து LINEST கொண்டு கணிப்பதுதான் பயிற்சி. கீழே உள்ளவை பயிற்சிக்காக எடுத்த எண்கள், சந்தை விலை அல்ல. A நிரலில் சதுர அடி, B இல் வயது, C இல் படுக்கையறை, D இல் விலை (இலட்சம் ரூபாய்).

```
 700  20  2  186
 800   5  2  257
 900  12  2  266
1000   3  3  305
1100  15  3  289
1200   8  3  356
1300  10  4  380
1500   2  3  466
```

```
=LINEST(D2:D9,A2:C9,TRUE,TRUE)
```

மேல் இரண்டு வரிகளில் கிடைப்பது இது:

```
-10.00   -3.00   0.300   50.00
  9.10    0.76   0.027   22.88
```

ஆங்கிலத்தில் regression எனப்படும் இந்த முறைக்கு நம் பாடநூல்களில் பெயர் ‘பிற்செலவு’. வீடு வாங்குவதைப் பற்றிய பாடத்தில் இந்தச் சொல்லைப் போட்டால், வாங்கிய பிறகு வரும் திருத்தச் செலவு என்றே முதலில் வாசிக்கிறார்கள். மேல் வரியில் உள்ள எண்களுக்குப் ‘பகுதிப் பிற்செலவுக் குணகம்’ என்று எழுதினால் இன்னும் மோசம். ஒரு சொல் தாருங்கள்.

டிலக்சன்:

அக்கா, ‘தனித்தாக்கக் குணகம்’ என்று வைக்கலாம். ஒவ்வொரு காரணியும் தனியாக விலையை எவ்வளவு மாற்றுகிறது என்பதைத்தானே அது சொல்கிறது? ஆனால் விடையில் பிழை இருக்கிறது போல. முதல் நிரல் பரப்பளவு, முதல் எண் -10. ஒரு சதுர அடி கூடினால் பத்து இலட்சம் குறையுமா?

கலைச்செல்வன்:

தம்பி, விடை சரி. LINEST குணகங்களை வலமிருந்து இடமாகத் தரும். நாம் கடைசியாகக் கொடுத்த நிரல் முதலில் வரும், வெட்டுத்துண்டு எப்போதும் வலக்கோடியில் நிற்கும். எனவே -10 அறைக்கு, -3 வயதுக்கு, 0.300 பரப்பளவுக்கு, 50 வெட்டுத்துண்டு. இந்தச் சூத்திரத்தில் மிக அதிகமாக நடக்கும் பிழை இதுதான். எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது, விடையும் அழகாகவே தெரியும். பரப்பளவின் குணகத்தை மட்டும் ஒரு கலத்தில் எடுத்துப் பெயரிட்டு வைப்பது நல்லது:

```
=INDEX(LINEST(D2:D9,A2:C9),1,3)
```

பழைய எக்செலில் முழு விடையும் வேண்டுமானால் ஐந்து வரி, நான்கு நிரல் கலங்களைத் தேர்ந்து, சூத்திரத்தைத் தட்டி, Ctrl+Shift+Enter அழுத்த வேண்டும். கீழ் மூன்று வரிகளில் வலப்பக்கம் #N/A வரும். அது பிழை அல்ல, அந்த இடங்களுக்கு எண் கிடையாது. ஆனால் #VALUE! வந்தால் தரவில் ஏதோ ஒரு கலம் வெறுமையாக இருக்கிறது, அல்லது ‘3 அறை’ என்று எழுத்தாக இருக்கிறது.

இனிச் சொல்லுக்கு வருவோம். பிற்செலவில் உள்ள ‘செலவு’ பணம் அல்ல, செல்லுதல். தலைவன் பிரிந்து செல்வதைத் தள்ளிப்போடுவதற்குச் ‘செலவழுங்கல்’ என்று அகத்திணையில் பெயர். பின்னோக்கிச் செல்வது என்ற பொருளில்தான் சொல்லை ஆக்கியிருக்கிறார்கள். 1886 இல் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்ற்றன் regression என்று எழுதியது பெற்றோரின் உயரமும் பிள்ளைகளின் உயரமும் பற்றி. மிக உயரமானவர்களின் பிள்ளைகள் சராசரியை நோக்கித் திரும்புகிறார்கள் என்றார். அங்கே அந்தச் சொல் பொருந்தியது. வீட்டு விலையில் எதுவும் பின்னோக்கிப் போகவில்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்களின் ‘தொடர்புப் போக்கு’ இந்தக் குழப்பத்தைத் தராது. ஆனால் உயர்தரத்தில் ‘இணைபும் பிற்செலவும்’ படித்து வரும் நம் பிள்ளைகள் அதை வேறு பாடம் என்று நினைப்பார்கள். முறையின் பெயரை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. குணகத்தின் பெயரில்தான் கவனம் வேண்டும்.

மங்களா:

சொல் ஆய்வுக்கு நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் தெகிவளை வீட்டில் 120 சதுர அடியில் ஓர் அறை கூட்டிக் கட்ட நினைத்திருக்கிறோம். அறைக்கு -10 என்றால், கட்டினால் வீட்டின் பெறுமதி பத்து இலட்சம் குறையும் என்றா சொல்கிறீர்கள்? அப்படியானால் கட்டவே வேண்டாமே.

கலைச்செல்வன்:

தங்கச்சி, நாங்கள் தேடும் சொல்லின் பொருளே உங்கள் கேள்விக்குள்தான் இருக்கிறது. -10 என்ற எண்ணைப் பேச்சுத் தமிழில் இப்படி வாசிக்க வேண்டும்: பரப்பளவும் வயதும் ஒன்றாக உள்ள இரண்டு வீடுகளில், ஓர் அறை கூடுதலாக உள்ள வீட்டின் கணித்த விலை பத்து இலட்சம் குறைவு. அதே 1,000 சதுர அடியை மூன்றாகப் பிரிப்பதற்குப் பதில் நான்காகப் பிரித்தால் ஒவ்வோர் அறையும் சிறுத்துவிடும், கூடமும் சுருங்கும். குறைகிற விலை அதற்கு.

நீங்கள் கட்டப்போவது அது அல்ல. அறையோடு பரப்பளவும் கூடுகிறது. 120 சதுர அடிக்கு 0.300 வீதம் 36 இலட்சம் கூடும், அறைக்குப் பத்து கழியும், மிச்சம் 26 இலட்சம் ஏற்றம். அதுவும் இந்தப் பயிற்சி எண்களின்படி மட்டுமே. இதை வைத்து மேசனைக் கூப்பிடாதீர்கள்.

மற்ற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். வயதும் அறையும் ஒத்த வீடுகளில் 100 சதுர அடி கூடினால் 30 இலட்சம் கூடும். பரப்பும் அறையும் ஒத்த வீடுகளில் ஒரு வயது கூடினால் மூன்று இலட்சம் குறையும். வெட்டுத்துண்டு 50 என்பதை வாசிக்க வேண்டாம். பரப்பில்லாத, அறையில்லாத புது வீடு என்று ஒன்று கிடையாது.

டிலக்சன், உங்கள் ‘தனி’ பாதி சரி. ஆனால் அறை எண்ணை மட்டும் தனியாகக் கொடுத்துப் பாருங்கள்:

```
=LINEST(D2:D9,C2:C9)
```

குணகம் 84.9 வரும், அதுவும் கூட்டல் குறியோடு. ஏனென்றால் அறை கூடிய வீடு பெரும்பாலும் பெரிய வீடு. பரப்பளவின் விலையும் அறையின் தலையில் ஏறிவிடுகிறது. ‘தனி’ என்று எழுதினால் மாணவர் இந்த 84.9 ஐத்தான் நினைப்பார். எனக்கு வேண்டியது -10 ஐக் குறிக்கும் சொல். பொருளியல் பாடத்தில் ‘ஏனையவை மாறாதிருக்க’ என்று படித்திருப்போம். அதிலிருந்து ஏனைமாறாக் குணகம் என்று ஆக்கலாம்.

பர்வீன்:

ஐயா, சொல் சுருக்கமாக இருக்கிறது. ஆனால் ‘மாறா’ எனக்கு நெருடுகிறது. பொருளியலில் ஒரே சந்தையில் விலை மாறும்போது மற்றவற்றை நிறுத்தி வைப்பதாகக் கற்பனை செய்கிறோம். இங்கே யாரும் எதையும் நிறுத்தி வைக்கவில்லை, எந்த வீடும் மாறவுமில்லை. எட்டு வெவ்வேறு வீடுகளை ஒப்பிட்டிருக்கிறோம். மங்களா அக்கா தடுமாறியதற்கும் அதுதான் காரணம். ‘மாறாதிருக்க ஓர் அறை கூட்டினால்’ என்றதும் சொந்த வீட்டில் அறை கட்டுவதுதான் மனதில் வரும். ‘தாக்கம்’ என்பதிலும் இதே சிக்கல், அது காரணம் என்று அடித்துச் சொல்லிவிடுகிறது.

பெறுமதி மதிப்பீட்டில் நாங்கள் ஒத்த வீடுகளை எடுத்து வித்தியாசத்துக்கு விலை போடுவோம். அதையே சொல்லாக்கினால் ஒத்தநிலைக் குணகம். மற்றவற்றில் ஒத்த நிலையில் உள்ள வீடுகளுக்கு இடையிலான வித்தியாசம் என்று விரித்துச் சொல்லலாம்.

இன்னொன்று. இந்தப் பாடத்தை அடுக்குமாடியோடு நிறுத்துங்கள். தனி வீடு என்றால் கொழும்பில் எத்தனை பேர்ச்சஸ் என்பதுதான் முதற் கேள்வி. அந்த நிரல் இல்லாவிட்டால், பெரிய காணியில் பெரிய வீடு இருப்பதால் காணியின் விலை முழுக்கப் பரப்பளவின் குணகத்துக்குள் போய்ச் சேரும். ஒத்தநிலை என்பது நாம் கொடுத்த நிரல்களில் மட்டும் ஒத்த நிலை.

கலைச்செல்வன்:

கடைசி வரியை அப்படியே கைநூலில் போட வேண்டும். ஆனால் ‘ஒத்தநிலை’ என்றால் எது ஒத்தது என்று சொல் தானாகக் காட்டவில்லை. ‘ஏனை’ என்பது, பேசும் மாறி ஒன்று, மற்றவை வேறு என்று பிரித்துக் காட்டுகிறது. அதை இழக்க எனக்கு விருப்பமில்லை.

டிலக்சன்:

அப்படியென்றால் ஐயா, விளங்கிவிட்டது. அறை கூடினால் விலை குறையும், பரப்பு ஒன்றாக இருக்கும் வரை. R² உம் 0.99 வருகிறது. இனிச் சந்தேகமே இல்லைத்தானே?

கலைச்செல்வன்:

சந்தேகம் நிறைய இருக்கிறது. இரண்டாம் வரியைப் பாருங்கள், அது நியம வழு. அறையின் குணகம் -10, அதன் நியம வழு 9.10. ஒன்றை மற்றதால் வகுத்தால் 1.1 தான். எட்டு வீடு, நான்கு குணகம், ஆகவே மிச்சம் நான்கு (LINEST நான்காம் வரியின் இரண்டாம் எண்). அந்த நிலையில் 95 சதவீத உறுதிக்குக் குறைந்தது 2.78 வேண்டும். எல்லையாகச் சொன்னால் அறைக்கு 35 இலட்சம் குறையவும் கூடும், 15 இலட்சம் கூடவும் கூடும். குறியே உறுதியில்லை. பரப்பளவுக்கு அதே வகுத்தல் 11 ஐத் தாண்டுகிறது, வயதுக்குக் கிட்டத்தட்ட 4. அவற்றை நம்பிப் பேசலாம்.

R² மூன்றும் சேர்ந்து விலையை எவ்வளவு பின்பற்றுகின்றன என்று சொல்கிறதே தவிர, ஒவ்வொரு குணகத்துக்கும் அது உத்தரவாதம் அல்ல. எட்டு வீட்டுக்கு நான்கு குணகம் பொருத்தினால் அது உயரத்தான் செய்யும்.

அறைக்கு இந்த நிலை ஏன் என்று தரவிலேயே தெரியும். நாலறை வீடு ஒன்றே ஒன்று. ஈரறை வீடுகள் மூன்றும் 900 சதுர அடிக்குள். ஒரே பரப்பில் அறை மட்டும் வேறுபடும் இரண்டு வீடுகள் பட்டியலில் இல்லவே இல்லை. இல்லாத ஒப்பீட்டைச் சூத்திரம் கோட்டை நீட்டித்தான் செய்கிறது.

பர்வீன்:

அப்படியானால் ‘ஒத்தநிலை’யும் கொஞ்சம் அதிகமாகவே வாக்குக் கொடுக்கிறது. ஒத்த வீடு கையில் இருப்பது போல ஒலிக்கிறது.

சுகந்தி:

இப்போதைக்கு அத்தியாயத் தலைப்பில் ‘பிற்செலவு’ நிற்கட்டும். முதற் பக்கத்தில் ‘செலவு என்பது இங்கே செல்லுதல்’ என்று ஒரு வரி போடுகிறேன். குணகத்துக்கு வரைவில் ‘ஏனைமாறாக் குணகம்’ என்று எழுதி, அருகே பர்வீன் சொன்ன ‘ஒத்த வீடுகளுக்கு இடையிலான வித்தியாசம்’ என்ற விளக்கத்தை வைக்கிறேன். மங்களா அக்காவின் 120 சதுர அடிக் கணக்கு அடுத்த பயிற்சி. இரண்டு சொல்லையும் வகுப்பில் வாசிக்கக் கொடுத்து, -10 ஐ அவர்கள் என்ன வாக்கியமாக எழுதுகிறார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.

டிலக்சன்:

அறையும் பரப்பும் கைகோத்துப் போவதால்தானே நியம வழு இவ்வளவு பெரிதாகிறது? அந்த நிலைமைக்கு என்ன சொல்? ‘இணைந்தேற்றம்’ சரிவருமா?

கலைச்செல்வன்:

அது ஒரு காரணம், எட்டே வீடு என்பது இன்னொன்று. ‘ஏற்றம்’ வேண்டாம் தம்பி. இங்கே வயதும் பரப்பும் எதிரெதிராகப் போகின்றன, பெரிய வீடுகள் ஓரளவு புதியவை. அதுவும் இதே நிலைமைதான். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பொதுவான ஒரு சொல்லாகப் பாருங்கள்.