மகளின் கால் அளவும் வளர்வதற்கு விடும் இடமும்

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்:
ஆண்டு முழுவதும் போடட்டும் என்று எண்ணி, 7 வயது மகளுக்குத் தை மாதத்தில் இரண்டு அளவு பெரிய பாடசாலைச் சப்பாத்து வாங்கினேன். ஒரு வாரத்திலேயே அவளுடைய குதிக்காலில் கொப்புளம் கண்டது. சப்பாத்து கழன்றுவிடாமல் இருக்க அவள் விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததை அதன் பிறகுதான் கவனித்தேன். வளர்வதற்கு எவ்வளவு இடம் விடுவது சரி?

இரு பிள்ளைகளின் தந்தை:
சப்பாத்தின் முன்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். கைப் பெருவிரல் அகலத்துக்கு இடம் இருந்தால் போதும். நான் எப்போதும் அப்படித்தான் வாங்குகிறேன்.

சப்பாத்துக் கடையில் 30 ஆண்டுகள் நின்றவர்:
தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் நாம் அழுத்தும்போது பிள்ளை விரலை உள்ளே இழுத்துக்கொள்ளும். இல்லாத இடம் இருப்பதுபோல் தெரியும். வளர்ந்தவரின் பெருவிரல் அகலமோ ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர், அது பிள்ளைக்கு அதிகம். 10 முதல் 12 மில்லிமீற்றர் போதும்.

தங்கச்சி, பிள்ளையைக் கதிரையில் இருத்தி அளக்க வேண்டாம்; நிற்கும்போது உடற்பாரம் இறங்கிப் பாதம் நீளும். மாலையில், பாடசாலைக் காலுறையுடன், குதிக்கால் சுவரில் படும்படி ஒரு தாளின் மேல் நிறுத்தி, மிக நீண்ட விரலின் நுனிக்கு நேரே பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் குறியுங்கள். சிலருக்கு இரண்டாவது விரலே நீளமாக இருக்கும். இரு கால்களையும் அளந்து, பெரியதையே கணக்கில் எடுங்கள். அத்துடன் 12 மில்லிமீற்றர் கூட்டி, அந்த நீளத்துக்கு ஒரு மட்டைத் துண்டு வெட்டிக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். ஓர் இலக்கத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ எட்டரை மில்லிமீற்றர் வித்தியாசம் உண்டு. 13க்குப் பிறகு மீண்டும் 1 என்றுதான் எண்ணுவார்கள்.

மூதூர் வாசகி:
என் மகனுக்குப் பாதம் அகலம், பக்கவாட்டில் இறுக்குகிறது. அவனுக்கும் ஓர் இலக்கம் கூட்டி வாங்கலாம் அல்லவா?

சப்பாத்துக் கடையில் 30 ஆண்டுகள் நின்றவர்:
அது வேறு விடயம், பிள்ளை. நீளத்தைக் கூட்டினால், சப்பாத்து மடிய வேண்டிய இடம் விரல் மடியும் இடத்துக்கு முன்னே போய்விடும். அகலமான வார்ப்பில் செய்த வேறொரு வகையைத் தேடுங்கள்.

இரு பிள்ளைகளின் தந்தை:
பெரியதை வாங்கி, உள்ளே ஒரு மெத்தைத் தாள் போட்டால் என்ன? எங்கள் வீட்டில் அது சரிவந்தது.

சப்பாத்துக் கடையில் 30 ஆண்டுகள் நின்றவர்:
மெத்தை உயரத்தைத்தான் நிரப்பும், நீளத்தைக் குறைக்காது. ஆனாலும் லேஸ் இறுக்கமாகப் பிடித்தால் சில பிள்ளைகளுக்குச் சமாளிக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை.

உப்புவெளியிலிருந்து ஒரு தாய்:
நேற்று மாலை அளந்தேன், ஐயா. இடது கால் 19.2, வலது கால் 19.6 சென்ரிமீற்றர். 20.8க்கு வெட்டிய மட்டை, 12ஆம் இலக்கச் சப்பாத்துக்குள் வளைந்துகொண்டது. 13ஆம் இலக்கத்துக்குள் நேராகப் படிந்தது. லேஸ் கட்டிக் கடைக்குள் நடக்க விட்டேன், குதிக்கால் எழும்பவில்லை. நான் முன்பு வாங்கியது 2ஆம் இலக்கம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே தாளில் மீண்டும் குறித்துப் பார்க்கப் போகிறேன்.