இருபதாம் தேதி இரவு உட்கார்ந்தவருக்கு எத்தனை மதிப்பெண்?

புதுமேலாளர்: எங்களுடையது வரி ஆலோசனை அலுவலகம். குழுத்தலைவர் ஒருவருக்கு ஆண்டு மதிப்பீடு எழுதுகிறேன். நான்கு இளையவர்கள் இருந்தும் கடைசி நாளான 20ஆம் தேதி இரவு ஜிஎஸ்டிஆர்-3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவங்களை அவரே உட்கார்ந்து முடிக்கிறார். வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கும் இளையவர்களை வளர்ப்பதற்கும் ஐந்தில் எவ்வளவு போடலாம்?

கடைசிநாள்: ஐந்துக்கு ஐந்து. தாமதித்தால் நாளுக்கு 50 ரூபாய் கட்டணம், வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி. 20ஆம் தேதி இரவு கண்விழித்தவருக்கா குறைப்பீர்கள்?

பேரேடு: விற்றவர்கள் பதிந்த பில்களைக் காட்டும் 2பி அறிக்கை 14ஆம் தேதியே வந்துவிடுகிறது. அதைக் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட ஆறு நாள் இருக்கிறது. அந்த ஆறு நாளும் கோப்பு யார் மேசையில் கிடந்தது? பணித்தாளை எடுத்துப் பாருங்கள். தயாரித்தவர், சரிபார்த்தவர் என்ற இரண்டு இடத்திலும் அவர் பெயரே இருந்தால், தீயை மூட்டியவரே அணைத்திருக்கிறார்.

கடைசிநாள்: மேசையில் இருந்து பேசுவது எளிது. 20ஆம் தேதி இரவு இணையதளம் திணறும்போது உங்கள் இளையவரா நிற்பார்?

திண்டுக்கல்காரன்: என் பழைய தலைவர் எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டு ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவார். நானும் வளர்ந்தேன், வயிற்றில் புண்ணும் வளர்ந்தது.

பேரேடு: அது தள்ளிவிடுவது தம்பி, இங்கே கேள்வி வேறு. எங்களிடம் ஒரு பெண் சேர்ந்தார். முதல் மாதம் 37 பில்கள் பொருந்தவில்லை. பெரும்பாலும் ஒரு பக்கம் 0045, மறுபக்கம் 45 என்று எண் மாறியவை. தலைவர் இரவோடு இரவாகத் தானே திருத்தினார். அடுத்த மாதமும் அதே கதை, ஏனென்றால் தன் பிழை அந்தப் பெண்ணுக்குத் தெரியவே இல்லை. பிறகு கோப்பை 17ஆம் தேதிக்குள் வாங்கி, குறிப்பெழுதித் திருப்பி அனுப்பச் சொன்னேன். முதல் முறை மூன்று தடவை திரும்பிப் போனது, தலைவர் பல்லைக் கடித்தார். அதற்கடுத்த மாதம் நான்கு பில்கள்தான் மிஞ்சின. அவற்றையும் விற்றவர்களிடம் அந்தப் பெண்ணே பேசித் தீர்த்தார்.

வரிக்கணக்கன்: 20 என்று எல்லோரும் எழுதுகிறீர்கள். காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் 22.

கடைசிநாள்: யார் கேட்டார்கள்? போன வருடமும் என் இழையில் இதையேதான் எழுதினீர்கள்.

வரிக்கணக்கன்: போன வருடமும் நீங்கள் தவறாகத்தான் எழுதினீர்கள்.

புதுமேலாளர்: ஐயா, இரண்டா மூன்றா?

பேரேடு: 14க்கும் 20க்கும் இடையில் அவர் ஒரு நாளாவது விடுப்பு எடுத்திருக்கிறாரா? எடுத்தபோது வேலை நடந்ததா? ஒருமுறைகூட இல்லையென்றால் வளர்ப்பதற்கு ஒன்று. பதிவேற்றத்தைக் கொடுத்துவிட்டு ஒப்பீட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் பிரித்துக் கொடுப்பதற்கு இரண்டு. படிவம் தவறாமல் போனதற்கு வேறு கட்டத்தில் தாராளமாக ஐந்து போடுங்கள், எனக்கு மறுப்பில்லை.

கடைசிநாள்: விடுப்பு எடுக்காதவருக்குத் தண்டனையா! நான் பல வருடமாக 20ஆம் தேதி இரவு வீட்டில் சாப்பிட்டதில்லை.

பேரேடு: உங்களிடம் எத்தனை பேர் வேலை கற்றார்கள்?

கடைசிநாள்: 20ஆம் தேதி இரவு வந்து எண்ணிக்கொள்ளுங்கள்.

வரிக்கணக்கன்: 22.