டேனரிக்குப் பக்கத்துக் கழனி நல்ல கழனியா? செமினாரில் மாட்டிக்கொண்ட அனுபவம்

அகழி மீன்

இரண்டு வருடம் ஆகியும் உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன்.

வேலூரில் எம்.ஏ. பொருளாதாரம் படித்தபோது சீனியர் ஒருவரின் ஆய்வுக் கட்டுரையை விமர்சிக்கும் வேலை எனக்கு வந்தது. நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான்: பாலாறு, டேனரி, நெல். 8 ஊர்களில் 240 விவசாயிகள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்பதை, டேனரியிலிருந்து கழனி எவ்வளவு தூரம் என்பதன் மேல் ரெக்ரஷன் போட்டிருந்தார். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அரை மூட்டை கூடுகிறது, எனவே விளைச்சல் குறையக் காரணம் டேனரிக் கழிவு என்று முடித்திருந்தார்.

நான் மேடையேறி, "ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்பதைச் சேர்க்கவில்லை. முக்கியமான மாறி விடுபட்டதால் இந்த 0.5 ஊதிப் பெருத்த எண்" என்றேன். முன்வரிசையில் தலையாட்டினார்கள். எனக்கும் பெருமை.

கடைசி வரிசையில் ஒரு பெரியவர், வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவராம். உட்கார்ந்தபடியே கேட்டார்: "தம்பி, ஆத்தோரக் கழனி நல்லா விளையுமா, விளையாதா?"

"நல்லா விளையும் சார்."

"டேனரிங்க எங்க கீது?"

"ஆத்தோரந்தான் சார்."

"அப்போ?"

அந்த "அப்போ"வுக்கு என்னிடம் பதில் இல்லை. ஸ்லைடை மாற்றுவது போலப் பாவனை செய்து இறங்கிவிட்டேன்.

தோல் பதனிடத் தண்ணீர் வேண்டும், அதனால்தான் டேனரிகள் ஆற்றோரம் வந்தன. அப்படியானால் டேனரிக்குப் பக்கத்தில் இருப்பது ஏற்கெனவே நல்ல நிலம். நல்ல நிலமாக இருந்தும் அங்கே குறைவாக விளைகிறது என்றால், கெடுதல் அந்த 0.5 காட்டுவதைவிடப் பெரியது. நான் சொன்னதற்கு நேர் எதிர்.

பிறகு சீனியரிடம் டேட்டா வாங்கி ஆற்றுத் தூரத்தையும் சேர்த்துப் போட்டேன். டேனரித் தூரத்தின் கோஎஃபிஷியன்ட் 0.9 ஆனது. ஆற்றுத் தூரத்துக்கு −0.8. டேனரியை விட்டு ஒரு கிலோமீட்டர் விலகினால், ஆற்றை விட்டுச் சராசரியாக அரைக் கிலோமீட்டர் விலகுகிறோம் என்பதையும் தனியாகப் போட்டுப் பார்த்தேன்.

```
0.9 + (-0.8 × 0.5) = 0.5
```

சீனியரின் 0.5 அப்படியே வந்து நின்றது. விடுபட்ட மாறி இருக்கிறது என்று சொன்னது சரி. எந்தப் பக்கம் இழுக்கிறது என்று யோசிக்காமல் சொன்னதுதான் தப்பு. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

முள்ளுக்கத்திரி

ப்ரோ, 0.9 என்று சந்தோஷப்படாதீர்கள். இதே மாதிரி ஒரு கட்டுரையை ராணிப்பேட்டைப் பக்கம் நானும் சோதித்தேன். ஆற்றுத் தூரத்தோடு நிற்காமல் மண் வகை, உரம், கிணற்றுத் தண்ணீரின் டிடிஎஸ் எல்லாம் சேர்த்தேன். டிடிஎஸ் சேர்த்ததும் டேனரித் தூரத்தின் கோஎஃபிஷியன்ட் 0.1-க்கு விழுந்தது, நட்சத்திரமும் காணாமல் போனது. டேனரியால் பாதிப்பு இல்லை, உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தேன். கைடு கையெழுத்தும் போட்டுவிட்டார். கன்ட்ரோல் எவ்வளவு சேர்க்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் என் அனுபவம்.

சத்துவாச்சாரி மாடிவீடு

முள்ளுக்கத்திரி, அந்த உப்பு எங்கிருந்து வந்தது?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. பச்சைத்தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் டேனரிக்கு வருகிறது. ஊறவைத்து அலசும்போது அந்த உப்பெல்லாம் கழிவுநீரில் போகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகும், சாதாரணச் சுத்திகரிப்பில் கரைந்த உப்பு போகாது. அது நிலத்தடி நீரில் சேர்ந்து, கிணற்றில் ஏறி, பயிருக்கு வருகிறது. டேனரி பயிரைத் தொடும் வழியே டிடிஎஸ்தான். அதையும் ரெக்ரஷனில் போட்டால், "உப்பு ஒரே அளவு இருக்கும்போது டேனரி ஏதாவது செய்கிறதா?" என்று கேட்கிறீர்கள். 0.1 என்பது அந்தக் கேள்விக்கான பதில். கட்டுரை கேட்டது வேறு கேள்வி.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரே டிடிஎஸ் உள்ள இரண்டு கிணறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று டேனரிப் பக்கம், இன்னொன்று 6 கிலோமீட்டர் தள்ளி. தள்ளி இருக்கிற கிணற்றில் உப்பு ஏன்? ரொம்ப ஆழமான போர், அல்லது பாறையிலேயே உப்பு. அப்படிப்பட்ட நிலத்துக்கு வேறு குறைகளும் இருக்கும். ஆக, நீங்கள் ஒப்பிடுவது ஒரே மாதிரியான நிலங்களை இல்லை. சேர்க்கக்கூடாத கன்ட்ரோலைச் சேர்த்தால் சார்பு குறையாது, புதிதாக வேறொன்று உள்ளே வரும்.

நான் மாணவர்களிடம் முதலில் கேட்பது, "இது டேனரி வருவதற்கு முன்பே அப்படி இருந்ததா, வந்த பிறகு மாறியதா?" என்பதைத்தான். ஆறு முன்பே இருந்தது, சேர்க்கலாம். மண் வகை பெரும்பாலும் முன்பே இருந்தது. கிணற்றின் உப்பு பின்னால் வந்தது. உரமும் அப்படித்தான், பயிர் வாடியதைப் பார்த்து விவசாயி கூடுதலாகப் போட்டிருப்பார்.

அகழி மீன், உங்கள் 0.9-ஐயும் நான் கடைசி எண்ணாக எடுக்க மாட்டேன். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் டேனரியும் ஷூ கம்பெனியும் இருக்கிற இடத்தில் நாற்று நட ஆள் கிடைக்காது. கூலி ஏறி, களை எடுப்பது தள்ளிப்போய், விளைச்சல் குறையும். அது கழிவால் வந்த குறை இல்லை, ஆனால் தூரத்தின் கோஎஃபிஷியன்டில் ஏறி உட்காரும், எண்ணைப் பெரிதாக்கும். ஆறு ஒரு பக்கம் இழுக்கிறது, கூலி மறுபக்கம். கூலியைக் கன்ட்ரோலாகப் போடலாமா என்றால், அந்தக் கூலியை ஏற்றியதும் டேனரிதானே? கேள்வி "டேனரிக் கழிவு" என்றால் ஒரு பதில், "டேனரி" என்றால் வேறு பதில். சீனியர் இரண்டையும் கலந்து எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

முள்ளுக்கத்திரி

சரி சார், வழி என்று சொல்வது புரிகிறது. ஆனால் என் ஊரில் டேனரி வருவதற்கு முன்பே கரிப்புக் கிணறுகள் இருந்ததாகத் தாத்தா சொல்வார். அப்படியென்றால் டிடிஎஸ்ஸில் ஒரு பகுதி முன்பே இருந்ததுதானே? அதைச் சேர்க்காமல் விட்டால் நானும் தப்புத்தானே செய்கிறேன்?

சத்துவாச்சாரி மாடிவீடு

நியாயமான கேள்வி. டேனரிக்கு முந்தைய நீர் அளவீடு கிடைத்தால் அதைத்தான் போட வேண்டும். இன்றைய அளவீட்டில் இரண்டும் கலந்தே இருக்கும், பிரிக்க வழி தெரியவில்லை.

பொன்னையாற்றுப் பாலம்

எல்லாரும் பெரிய விஷயம் பேசுகிறீர்கள். என்னை அடித்தது டர்பின் வாட்சன்.

சுயஉதவிக் குழுக் கடனில் கறவை மாடு வாங்கியவர்களின் வருமானம் பற்றி ஆய்வு செய்தேன். காட்பாடி ஒன்றியம், 180 வீடுகள், எல்லாம் ஒரே மாதத்தில் எடுத்தது. வைவாவில் எக்ஸ்டர்னல் முதல் கேள்வியே, "டர்பின் வாட்சன் 1.3 வருகிறது. அனுமானம் உடைந்துவிட்டது. முடிவை எப்படி நம்புவது?" என்றார். எனக்குக் கை நடுங்கியது. வீட்டுக்கு வந்து எக்செல் ஷீட்டைக் குடும்பத் தலைவர் பெயர் வரிசையில் அடுக்கி மறுபடி ஓட்டினேன். 1.9 வந்தது! கோஎஃபிஷியன்ட் ஒரு புள்ளிகூட மாறவில்லை, வரிசையை மாற்றினேன், அவ்வளவுதான். காலவரிசை இல்லாத டேட்டாவில் அந்த எண் எதைச் சொல்லும்? இதை வைவாவிலேயே சொல்ல முடியாமல் போனதுதான் இன்றும் வலிக்கிறது.

அதனால் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். வைவாவுக்குப் போகும்முன் விஐஎஃப் பார்த்துவிடுங்கள், 10-க்கு மேல் இருந்தால் அந்த மாறியைத் தூக்கிவிடுங்கள். எச்சங்களின் ஹிஸ்டோகிராம் மணி மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் லாக் எடுங்கள். ஆர்-ஸ்கொயர்டு 0.6-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 0.18 என்று எழுதினால் எந்த எக்ஸ்டர்னலும் விடமாட்டார். அட்டவணை அடியில் நட்சத்திர விளக்கம் கட்டாயம். பிரிண்ட் எடுக்கும்முன் தசமப் புள்ளிகளை ஒரே மாதிரி ஆக்குங்கள். ஸ்பைரல் பைண்டிங் வேண்டாம்.

ஆரணிப் பட்டு

பொன்னையாற்றுப் பாலம் அண்ணா, டர்பின் வாட்சன் கதை அருமை, அதை என் வகுப்பில் சொல்லப்போகிறேன். மற்றதில் பாதியை ஏற்க முடியாது. விஐஎஃப் அதிகம் என்று ஆற்றுத் தூரத்தைத் தூக்கினால் அகழி மீன் மறுபடி 0.5-க்கே போய்விடுவார். இரண்டு தூரமும் சேர்ந்து நகர்கின்றன என்பதுதான் அங்கே பிரச்சனையே. ஆர்-ஸ்கொயர்டு 0.18 ஆக இருந்தாலும் காரண விளைவு சரியாக இருக்கலாம், 0.8 இருந்தும் தப்பாக இருக்கலாம்.

எனக்கு உறுத்துவது பானர்ஜி–ஐயர் 2005 கட்டுரையை வகுப்பில் நடத்திய நாள். ஜமீன்தாரி முறை இருந்த மாவட்டங்களில் சுதந்திரத்துக்குப் பிறகும் விளைச்சல் குறைவு என்பது அவர்கள் வாதம். "நல்ல நிலமெல்லாம் ரயத்துவாரிக்குப் போயிருக்கும்" என்று நானே விமர்சனத்தை ஆரம்பித்தேன். ஒரு மாணவி எழுந்து, "மேடம், ஜமீன்தாரி அதிகம் இருந்தது வங்காளம், பீகார் பக்கம். மழை அங்கேதானே அதிகம்?" என்றாள். அகழி மீனின் பெரியவர் கேட்ட அதே கேள்வி! நல்ல இடத்திலும் குறைவு என்றால் விடுபட்ட மாறி அவர்கள் வாதத்தை வலுப்படுத்துகிறது. கட்டுரை ஆசிரியர்களும் இதையே சொல்கிறார்கள். படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போனேன், ஆனாலும் வாயில் வேறு வந்தது.

சத்துவாச்சாரி மாடிவீடு

அனுமானம் என்று பேச்சு வந்ததால் ஒன்று. அகழி மீன், 240 விவசாயிகள், 8 ஊர் என்றீர்கள். ஒரே ஊர்க்காரர்களுக்கு டேனரித் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், ஏரியும் ஒன்று, மழையும் ஒன்று. அப்படியானால் தூரத்தைப் பற்றி உங்களிடம் இருப்பது 240 தகவல் இல்லை, 8-க்குக் கொஞ்சம் மேல். ஸ்டாண்டர்ட் எரரை ஊர்வாரியாகத் தொகுத்துப் பார்த்தீர்களா?

அகழி மீன்

பார்த்தேன் சார். 0.9-இன் டி மதிப்பு 4-இலிருந்து 1.7-க்கு வந்துவிட்டது. 8 தொகுதிக்கு அந்த 1.7-ஐயும் நம்ப முடியாது என்று எங்கேயோ படித்ததால் அதைச் சொல்லாமல் விட்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

மேல்கரைக் கிணறு

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. அப்பா வாணியம்பாடிப் பக்கம் விவசாயி. எங்கள் கிணறு கெட்டதும் இரண்டு போகம் நெல் வைத்துப் பார்த்தார், நாற்று மஞ்சளாகிக் கருகியது. மூன்றாவது வருடம் தென்னை வைத்துவிட்டார், அது உப்பைக் கொஞ்சம் தாங்கும். சித்தப்பா நிலத்தைச் சும்மாப் போட்டுவிட்டு ஷூ கம்பெனிக்குப் போனார். இவர்கள் உங்கள் 240 பேரில் வருவார்களா?

ஆரணிப் பட்டு

வரமாட்டார்கள். நெல் விளைச்சலைக் கேட்டால் நெல் வைப்பவர்தானே பதில் சொல்வார். டேனரிப் பக்கம் இன்னும் நெல் வைக்கிறவர்கள் கிணறு தப்பித்தவர்கள். அகழி மீன், இதற்கு எந்த மாறியைச் சேர்த்தாலும் பயனில்லை.

அகழி மீன்

சீனியருக்கு இப்போதுதான் போன் செய்தேன். கேள்வித்தாளின் 3-வது கேள்வி: "தற்போது நெல் பயிரிடுகிறீர்களா? இல்லை எனில் நன்றி கூறி அடுத்த வீட்டுக்குச் செல்லவும்." அப்படி நன்றி சொல்லி வந்த வீடுகள் எத்தனை என்று கேட்டேன். யாரும் குறித்து வைக்கவில்லையாம்.