பழைய பிரேம், புது லென்ஸ்: உங்களுக்கு எப்படிப் போனது?

தறிநூல்

கண்ணாடியின் பவர் லேசாகத்தான் மாறியிருந்தது. பிரேமோ எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் லென்ஸை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்றேன். அசிடேட் என்கிற பிளாஸ்டிக்கில் செய்த தடித்த பிரேம், ஆறு வருடமாகப் போடுகிறேன். கடைக்காரர் என் கண்ணெதிரிலேயே பிரேமைச் சூடான காற்றில் காட்டி, லென்ஸின் ஒரு ஓரத்தைப் பள்ளத்தில் உட்கார வைத்து, மறு ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம். மூக்குக்குப் பக்கத்து மேல் மூலையில் மெல்லிய கோடு ஒன்று ஓடியிருந்தது. அவர் கையை எடுத்ததும் அந்தக் கோடு திறந்துகொண்டது.

"பழைய பிரேம், உடைந்தால் பொறுப்பில்லை" என்று முதலிலேயே சொல்லித்தான் வாங்கினார், அதில் அவர் மேல் கோபமில்லை. ஆனால் அந்தச் சத்தம் காதிலேயே நிற்கிறது. வெளியே பார்க்க நன்றாக இருந்த பிரேம் இது. உடையும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருந்ததா? உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

பகல்வெயில்

நடந்திருக்கிறது. எனக்கு மெட்டல் பிரேம். லென்ஸைக் கழற்ற ஸ்க்ரூவைத் திருப்பும்போது அதன் தலை மட்டும் முறிந்து வந்துவிட்டது, உடல் உள்ளேயே மாட்டிக்கொண்டது. ட்ரில் போட்டு எடுத்தார்கள், கூடவே மரையும் போய்விட்டது.

அதிலிருந்து என் கணக்கு எளிது. பிரேமுக்கு ஆயுள் இரண்டு வருடம், அதற்கு மேல் எதுவானாலும் புதுசு. லென்ஸ்தான் கீறல் விழாதவரை எத்தனை வருடம் வேண்டுமானாலும் வரும். ஆறு வருடப் பிரேமைக் கொடுத்தால் உடையாமல் என்ன செய்யும்?

பட்டறை மேசை

தறிநூல், லென்ஸ் பொருத்துவதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். வழி இருந்தது. காதுக்குப் பின்னால் வளைகிற இடத்தில் பிரேம் வெளுத்திருந்ததா? துடைத்தால் போய், சில நாளில் திரும்ப வருகிற மாதிரி?

அசிடேட் வளைந்து கொடுப்பதற்காக அதற்குள் ஒரு பொருளைக் கலந்திருப்பார்கள். வியர்வை, எண்ணெய்ப் பசை, வெயில் எல்லாம் சேர்ந்து அது வருடக்கணக்கில் மெதுவாக வெளியேறும். அந்த வெளுப்பு அதன் அடையாளம். அது போன பிரேம் லேசாகச் சுருங்கும், வளையாது, சூடு காட்டினாலும் சரியாக இளகாது. அழுத்தம் எங்கே அதிகமோ அங்கே வெடிக்கும். பெரும்பாலும் மூக்குப் பக்க மூலை, இல்லையென்றால் கீல் பதிந்திருக்கும் இடம்.

நான் இப்படிப் பிரேம் வந்தால் முதலில் பளிச்சென்ற விளக்குக்கு நேரே பிடித்து அந்த மூலைகளைப் பார்ப்பேன். லென்ஸ் உள்ளே இருக்கும்போதே அங்கே நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் வாங்க மாட்டேன். தெரியாவிட்டால் லேசாகச் சூடு காட்டி, லென்ஸை எடுக்காமலேயே, காதில் மாட்டும் காலைக் கொஞ்சம் வளைத்துப் பார்ப்பேன். இளகி வளைந்தால் நம்பலாம். விறைப்பாகவே நின்றால் அந்தப் பிரேமுக்கு இன்னொரு லென்ஸ் மாற்றம் தாங்காது.

இன்னொன்று, புது லென்ஸை எந்த அளவில் வெட்டினார்கள் என்பதும் முக்கியம். பள்ளத்தை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டு, சூட்டில் விரியும் என்று தள்ளுவது சிலரின் பழக்கம். புது அசிடேட் அதைத் தாங்கும். சுருங்கிப்போன பழைய பிரேமுக்கு ஒரு மயிரிழை குறைவாகவே வெட்ட வேண்டும்.

பகல்வெயில், இரண்டு வருடக் கணக்கை நான் ஏற்க மாட்டேன். ஸ்க்ரூ முறிவது துரு ஏறியதால்தான். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊற விட்டிருந்தால் பல நேரம் வந்துவிடும், அவசரப்பட்டால் தலை போகும். நல்ல மெட்டல் பிரேமில் மூக்குத்தாங்கியையும் ஸ்க்ரூவையும் அவ்வப்போது மாற்றிக்கொண்டு பத்து வருடம் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பச்சை பிடித்து, பற்றவைத்த இடத்தில் அரிப்பு தெரிந்தால் மட்டும் விட்டுவிடுங்கள்.

பகல்வெயில்

எண்ணெய் விட்டு ஊற வைக்கிற கடை எங்கே இருக்கிறது சொல்லுங்கள்! அரை மணி நேரத்தில் வேலையை முடித்து அனுப்புகிறார்கள். நீங்கள் சொல்வது நல்ல கைக்காரருக்குப் பொருந்தும். எல்லாருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பாரா? அதனால்தான் இரண்டு வருடம் என்கிறேன்.

வாசல் திண்ணை

பிரேம் நன்றாக இருந்தும் மாற்ற வேண்டிவந்த கதை ஒன்று இருக்கிறது. யாரும் அதைச் சொல்லாததால் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு முதல்முறையாக ப்ராக்ரஸிவ் லென்ஸ் எழுதிக் கொடுத்தார்கள், மேலே தூரத்துக்கும் கீழே படிப்பதற்கும் ஒரே லென்ஸில் பவர் மாறிக்கொண்டே வருவது. அவருடைய பிரேம் மெட்டல், ஒரு குறையும் இல்லை. அதிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தூரம் நன்றாகத் தெரிகிறது, பேப்பரை எடுத்தால் மட்டும் தலையை அண்ணாந்து, மூக்கு நுனி வழியாகப் பார்க்கிறார். கழுத்து வலிக்கிறது என்று பழைய கண்ணாடியையே தேட ஆரம்பித்தார். "பழகிவிடும், இரண்டு வாரம் போடுங்கள்" என்றார்கள். பழகவே இல்லை.

வேறு கடையில் காட்டினோம். அங்கிருந்த அம்மா அப்பாவை நேராகப் பார்க்கச் சொல்லி, லென்ஸில் கண்மணிக்கு நேரே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். கண்ணாடியைக் கழற்றி, அந்தப் புள்ளியிலிருந்து பிரேமின் கீழ் ஓரம் வரை ஸ்கேலால் அளந்தார். 13 மில்லிமீட்டர். அப்பாவுக்குப் போட்டிருந்த லென்ஸுக்கு அங்கே குறைந்தது 18 வேண்டுமாம். அதாவது கீழே படிப்பதற்கான பவர் இருக்கும் 5 மில்லிமீட்டரை, பிரேமின் அளவுக்கு வெட்டும்போதே சீவி எறிந்துவிட்டார்கள். இல்லாத இடத்தின் வழியாக அப்பா எப்படிப் படிப்பார்?

குட்டையான பிரேமுக்கென்று 14 போதுமான லென்ஸும் உண்டாம், ஆனால் அதில் நடுத்தூரப் பகுதி நெருக்கமாகிவிடும் என்றார். அப்பாவுக்கு 14 கூட இல்லை. உயரமான பிரேம் எடுத்தோம், அன்றைக்கே பேப்பர் படித்தார். பழைய பிரேமில் படிப்பதற்கு மட்டும் ஒற்றை பவர் போட்டு வைத்துக்கொண்டார்.

எனவே ப்ராக்ரஸிவ் போடப் போகிறவர்கள் பிரேமின் வயதைப் பார்ப்பதற்கு முன் அந்தப் புள்ளியை வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளக்காமல் வாங்கிக்கொள்ளும் கடையில் கொடுக்காதீர்கள்.

சின்னக்குயில்

என் பையனுக்கு எட்டு வயது. போன வருடப் பிரேம் புதுசு மாதிரியே இருக்கிறது, பவர் மட்டும் ஏறிவிட்டது. லென்ஸ் மட்டும் மாற்றினால் போதும்தானே? பாப்பாவுக்கும் அதையே பின்னால் போடலாம் என்று நினைக்கிறேன்.

பட்டறை மேசை

போட்டுக் காட்டச் சொல்லுங்கள் அம்மா. கால் காது வரை நன்றாக வந்து வளைகிறதா, நெற்றிப் பொட்டில் அழுத்தித் தடம் பதிகிறதா, கண்மணி லென்ஸின் நடுவை விட்டு வெளிப்பக்கம் போயிருக்கிறதா என்று பாருங்கள். முகம் வளர்ந்திருந்தால் பிரேம் எவ்வளவு புதுசானாலும் பயனில்லை. தங்கைக்குக் கொடுப்பதிலும் அதே கேள்விதான், அவள் மூக்கில் அது நிற்க வேண்டும்.

கிழக்குச் சன்னல்

லென்ஸ் கீறல் விழாதவரை வரும் என்று பகல்வெயில் எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு ஒவ்வொன்றும் சிதறித் தெரிந்தது. கண்ணில் புரை வருகிறதோ என்று பயந்து டாக்டரிடம் போனேன். கண் நன்றாக இருக்கிறது, பவரும் அதேதான். அவர் என் கண்ணாடியை வாங்கி விளக்கடியில் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். லென்ஸ் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி நுண்கோடுகள்! வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்திருந்தீர்களா என்று கேட்டார். தினமும் வைப்பேன். சூட்டில் லென்ஸ் விரிகிறது, மேலே இருக்கும் ஆன்டி-கிளேர் கோட்டிங் அந்த அளவுக்கு விரியாமல் வெடிக்கிறது. துடைத்தோ பாலிஷ் போட்டோ அதைச் சரிசெய்ய முடியாது.

கடையில் முழுசாகப் புதுசு எடுங்கள் என்றார்கள். என் பிரேமில் ஒரு குறையும் இல்லை, லென்ஸ் மட்டும் போதும் என்று உறுதியாகச் சொல்லி மாற்றிக்கொண்டேன். இப்போது இரவில் தெளிவாகத் தெரிகிறது. பவர் மாறாவிட்டாலும் லென்ஸ் கெடும், இதை யாரும் சொல்வதில்லை.

வட்டக்கண்

பட்டறை மேசை சொன்னதற்கு நான் சாட்சி. என் வட்ட மெட்டல் பிரேமுக்குப் பன்னிரண்டு வயது, எத்தனையோ முறை லென்ஸ் மாறியாகிவிட்டது. ஆனால் கடைசியாக மாற்றியதிலிருந்து காலையில் சரியாக இருக்கிறது, சாயங்காலம் எழுத்து நிழல் தட்டுகிறது. கோணல் பார்வைக்கான சிலிண்டர் பவர் இரண்டு. என்ன காரணமாக இருக்கும்?

பட்டறை மேசை

லென்ஸைத் துடைக்கும்போது அது பிரேமுக்குள் சுற்றுகிறதா பாருங்கள் சார். வட்டப் பிரேமில் லென்ஸைப் பிடித்து நிறுத்த மூலையே கிடையாது, கொஞ்சம் சின்னதாக வெட்டியிருந்தாலும் திரும்பிவிடும். சிலிண்டர் பவர் நிற்க வேண்டிய கோணத்தை ஆக்சிஸ் என்போம், அது 10 டிகிரி விலகினால் அந்த சிலிண்டர் பவரில் மூன்றில் ஒரு பங்கு வேலை செய்யாத கணக்கு. உங்களுக்கு இரண்டு என்றால் கிட்டத்தட்ட 0.70 அளவுக்குப் பிசகு, நிழல் தட்டத்தான் செய்யும். ஸ்க்ரூவை மேலும் இறுக்காதீர்கள், மரை போய்விடும். கடையில் ஆக்சிஸைப் பார்த்துத் திருப்பி நிறுத்தி, பள்ளத்தில் மெல்லிய லைனர் வைத்துத் தருவார்கள். அப்படியும் சுற்றினால் லென்ஸைத் திரும்ப வெட்டித் தரக் கேளுங்கள்.

வட்டக்கண்

சுற்றுகிறது. இப்போதுதான் விரலால் தள்ளிப் பார்த்தேன். நாளைக்கே போகிறேன்.

தறிநூல்

பட்டறை மேசை அண்ணா, காதுக்குப் பின்னால் அந்த வெளுப்பு இருந்தது. சோப்பு படிந்திருக்கிறது என்று துடைத்துக்கொண்டே இருந்தேன். இப்போது பிரேம் இரண்டு துண்டாகவில்லை, வெடிப்பு மட்டும்தான். ஒட்ட முடியுமா?

பட்டறை மேசை

அசிடோன் வைத்து இரண்டு முகத்தையும் கரைத்துச் சேர்க்கலாம். காலில் உடைந்திருந்தால் செய்து கொடுப்பேன். லென்ஸைப் பிடிக்கிற வளையத்தில் லென்ஸ் எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அதே இடத்தில் திறக்கும்.

பகல்வெயில்

என் அக்காவுக்கு அதே இடத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள், இரண்டு வருடமாக நிற்கிறது. லென்ஸைச் சின்னதாக வெட்டிப் போட்டார்களாம்.

பட்டறை மேசை

அப்படியென்றால் பிரேம் அவ்வளவு வறண்டிருக்காது. தறிநூலுடையது வெளுத்த பிரேம், நான் ஒட்டித் தர மாட்டேன்.

தறிநூல்

அக்காவுடைய பிரேமும் வெளுத்திருந்ததா பகல்வெயில்? கேட்டுச் சொல்லுங்கள், அதுவரை தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.