மூணு பிடிஎஃப்ல இருக்கற கமெண்ட்ஸ ரிப்ளையோட ஒண்ணா சேக்கறது எப்படி?

வணக்கம் நண்பர்களே, கடலூர் மஞ்சக்குப்பத்துலேர்ந்து எழுதறேன். எங்க பள்ளி முன்னாள் மாணவர் மலர், 48 பக்கம், ட்ராஃப்ட் பிடிஎஃப்ப மூணு பேருக்கு வாட்ஸப்ல அனுப்பி திருத்தம் கேட்டோம், இப்ப மூணு தனித்தனி ஃபைலா திரும்பி வந்திருக்கு.

ரெண்டுல பிரச்சனை இல்ல, ஹைலைட்ட தொட்டா நோட் திறக்குது, அதுக்கு கீழ ரிப்ளையும் இருக்கு. மூணாவது பாண்டிச்சேரி அண்ணன் அனுப்புனது, மஞ்சள் கலர் தெரியுது ஆனா தொட்டா ஒண்ணுமே வரல, கமெண்ட் லிஸ்ட்டும் காலி. கேட்டா `Print to PDF` குடுத்து சேவ் பண்ணாராம், அதுல ஹைலைட் பக்கத்தோட படமா ஒட்டிக்கிச்சு, நோட்ல எழுதுனது போயிடுச்சு. நல்லவேளை பழைய ஃபைல் அவர் லேப்டாப்ல இருக்கு, கேட்டிருக்கேன்.

இப்ப என் சந்தேகம். மூணையும் ஒரே காப்பில சேக்க கமெண்ட்ஸ மட்டும் எக்ஸ்போர்ட் பண்ணி, `.xfdf` ஃபைலா எடுத்து இம்போர்ட் பண்ணலாம்னு பாத்தேன். ஆனா 12ஆம் பக்கத்துல ஒரு பத்திய ஏற்கனவே தூக்கிட்டோம், கமெண்ட் பக்கத்துல இருக்கற இடத்த வச்சுதான் உக்காரும், வார்த்தைய தேடிப் போகாதுல்ல, அதனால புது ட்ராஃப்ட்ல போட்டா ஹைலைட் வேற வரில விழுது. பழைய ட்ராஃப்ட்லயே சேத்துட்டு அப்புறம் திருத்தறதுதான் ஒரே வழியா? காசு கட்டாத சாஃப்ட்வேர்ல யார் எதுக்கு பதில் சொன்னாங்கன்ற வரிசை கலையாம சேத்தவங்க இருந்தா, எதுல எப்படி பண்ணீங்கன்னு சொல்லுங்க, ப்ளீஸ்.